எத்தனை பக்கம் என்று பார்க்காதீர்கள், எத்தனை நாள் என்று பாருங்கள்

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. மலையேற்றம், கூடாரம், ஆற்றுக் குளியல் என்றால் உயிர். ஆனால் பெரிய நாவல் எதை வாங்கிக் கொடுத்தாலும் நாற்பது பக்கத்தைத் தாண்டுவதில்லை. மலையேறிகளும் சாகசப் பயணிகளும் எழுதிய அனுபவ நூல்கள் பிடிக்கலாம் என்று தோன்றுகிறது. எதில் தொடங்கலாம்? ஆங்கிலம் ஓரளவு படிப்பாள்.

பதில்:

மெலிந்த புத்தகமாகப் பார்த்து வாங்கினால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். மலை நூல்களில் 150 பக்கத்திலேயே கொட்டாவி வரவைப்பவை உண்டு, 200 பக்கத்தை ஒரே மூச்சில் இழுத்துக்கொண்டு போகிறவையும் உண்டு. நான் பார்ப்பது வேறு இரண்டு கணக்கு: கதை எத்தனை நாளில் நடக்கிறது, அதில் எத்தனை பேர் வருகிறார்கள். நாவலில் நாற்பதாவது பக்கத்தில் நிற்கிற பிள்ளைகளில் பலருக்கு வாசிப்பு பிரச்சினையே இல்லை. பதினைந்து பெயர்களை நினைவில் வைத்துக்கொண்டு, ஏதாவது நடக்கும் என்று காத்திருப்பதுதான் அவர்களுக்கு முடியாது. மலையில் அப்படிக் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த காலை எங்கே வைப்பது என்பது உடனே பதில் வேண்டிய கேள்வி.

இங்கே மலையேற்ற உலகின் உள்விஷயம் ஒன்றைத் தெரிந்துகொண்டால் தேர்வு எளிதாகும். இமயத்தின் பெரிய சிகரங்களைப் பழைய காலத்தில் ஏறிய முறை கோட்டையை முற்றுகையிடுவது போன்றது. நூற்றுக்கணக்கான சுமைதூக்கிகள், பத்துப் பதினைந்து மலையேறிகள், ஒன்றன்மேல் ஒன்றாக முகாம்கள், இரண்டு மூன்று மாத வேலை. அந்தப் பயணத்தைப் பற்றிய புத்தகமும் அதே உருவத்தில்தான் இருக்கும். முதல் மூன்றில் ஒரு பங்கு அனுமதிக் கடிதம், நன்கொடை, மூட்டை எண்ணிக்கை, யாருக்கு வயிற்றுப்போக்கு என்பதிலேயே போய்விடும். இன்னொரு முறைக்கு ஆல்பைன் பாணி என்று பெயர். இரண்டு பேர், முதுகில் சுமக்க முடிந்தது மட்டும், கீழிருந்து கிளம்பி ஒரே வீச்சில் உச்சி. நாலைந்து நாளில் வெற்றியோ தோல்வியோ தெரிந்துவிடும். உங்கள் மகளுக்கு வேண்டியது இந்த இரண்டாவது வகைப் பயணத்திலிருந்து பிறந்த நூல்கள்.

அந்த வகையில் நான் முதலில் கையில் கொடுப்பது ஜோ சிம்ப்ஸன் எழுதிய டச்சிங் தி வாய்ட். 1988-இல் வந்தது, ஏறத்தாழ இருநூறு பக்கம். நடப்பது 1985-இல், பெரு நாட்டில், ஆண்டிஸ் மலைத்தொடரின் 6,344 மீட்டர் உயரமுள்ள சியூலா கிராண்டே சிகரத்தில். ஆட்கள் மொத்தம் மூன்று பேர்தான்: இருபதுகளில் இருந்த சிம்ப்ஸன், அவரைவிட இளையவரான சைமன் யேட்ஸ், அடிவாரக் கூடாரத்தைப் பார்த்துக்கொள்ள வழியில் சேர்ந்துகொண்ட ரிச்சர்ட். பெயர்ப் பட்டியல் அதோடு முடிந்தது.

அதுவரை யாரும் ஏறி முடித்திராத மேற்கு முகத்தின் வழியாக இருவரும் உச்சியைத் தொட்டுவிடுகிறார்கள். இறங்கும்போது ஒரு பனிச்சுவரில் சிம்ப்ஸன் விழுந்து வலது கால் முறிகிறது. முழங்காலுக்குக் கீழே இருக்கும் எலும்பு முழங்கால் மூட்டுக்குள்ளேயே குத்தி ஏறிவிடுகிறது. அந்த உயரத்தில், இரண்டே பேர் இருக்கும் இடத்தில், கால் முறிந்தால் அநேகமாகக் கதை முடிந்தது என்பது இருவருக்கும் தெரியும். ஆனாலும் யேட்ஸ் அவரை விட்டுப் போகவில்லை. இதற்குப் பிறகு வரும் பக்கங்கள்தான் உங்கள் மகளைப் பிடித்து உட்கார வைக்கும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அவை முழுக்க முழுக்கக் கயிறும் முடிச்சும்.

அவர்களிடம் இருந்தவை தலா 45 மீட்டர் நீளமுள்ள இரண்டு கயிறுகள். இரண்டையும் முடிச்சுப் போட்டு இணைத்தால் 90 மீட்டர். யேட்ஸ் பனியில் ஒரு குழி தோண்டி அதில் உட்கார்ந்து, காலை உதைத்துக்கொண்டு, இடுப்பில் மாட்டிய சிறு உலோகத் தகட்டின் வழியாகக் கயிற்றை விட்டுக்கொண்டே சிம்ப்ஸனைக் கீழே வழுக்க விடுகிறார். 45 மீட்டர் போனதும் முடிச்சு தகட்டில் வந்து நிற்கும், ஏனென்றால் அந்தத் துளையில் முடிச்சு நுழையாது. அப்போது கயிற்றை அசைத்துச் சைகை கொடுக்க, கீழே இருக்கும் சிம்ப்ஸன் நல்ல காலை ஊன்றி எழுந்து நிற்க வேண்டும். அவர் எடை கயிற்றிலிருந்து இறங்கும் அந்தச் சில நொடிகளில் யேட்ஸ் கயிற்றைத் தகட்டிலிருந்து கழற்றி, முடிச்சைத் தாண்டி, மறுபடி மாட்டுவார். பிறகு அடுத்த 45 மீட்டர். அது முடிந்ததும் யேட்ஸ் தானாக இறங்கி வந்து, புதிதாகக் குழி தோண்டி, திரும்ப முதலிலிருந்து. பனிப்புயலில், இருட்டில், கை விரல் மரத்த நிலையில் சரிவு முழுவதையும் இப்படித்தான் இறங்கினார்கள். முறையாகக் கற்ற மீட்புக் குழுக்களே தயங்கும் வேலை இது.

இப்போது இந்த ஏற்பாட்டில் ஓட்டை எங்கே என்று மகளிடம் கேளுங்கள். பதிலை நீங்கள் சொல்லாதீர்கள். முடிச்சைத் தாண்ட வேண்டுமானால் கீழே இருப்பவர் எங்காவது நிற்க முடிய வேண்டும், மொத்த ஏற்பாடும் அந்த ஒன்றின்மேல்தான் தொங்குகிறது. அடிவாரப் பனியாற்றை நெருங்கும் நேரத்தில், கண்ணுக்குத் தெரியாத ஒரு பனிவிளிம்பைத் தாண்டி சிம்ப்ஸன் அந்தரத்தில் தொங்கிவிடுகிறார். நிற்க இடமில்லை. மேலே யேட்ஸால் முடிச்சைத் தாண்ட முடியவில்லை, ஓர் அங்குலம்கூட இழுத்து ஏற்றவும் முடியவில்லை. காற்றின் இரைச்சலில் கத்தினால் கேட்காது. கயிற்றைப் பிடித்து ஏற உதவும் சிறு கயிற்று வளையங்கள் சிம்ப்ஸனிடம் இருந்தன. மரத்துப்போன விரல்களால் மாட்டப் பார்க்கையில் அவற்றில் ஒன்று நழுவிக் கீழே போய்விட்டது. மேலே யேட்ஸ் உட்கார்ந்திருந்த பனிக்குழி அவருக்கு அடியிலேயே சரிந்துகொண்டிருந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடித்த பிறகு, முதுகுப்பையில் கத்தி இருப்பது அவர் நினைவுக்கு வருகிறது. கயிற்றை அறுக்கிறார்.

சிம்ப்ஸன் விழுந்தது ஒரு பெரிய பனிப்பிளவுக்குள். மறுநாள் காலை அந்தப் பக்கமாக இறங்கிய யேட்ஸ், பிளவைப் பார்த்து, ஆள் போய்விட்டான் என்றே முடிவுசெய்து முகாமுக்குத் திரும்புகிறார். உள்ளே உயிரோடு இருந்த சிம்ப்ஸனால் மேலே ஏற முடியவில்லை. அதனால் யாரும் செய்யத் துணியாத ஒன்றைச் செய்கிறார். மிச்சமிருந்த கயிற்றில் பிளவின் இருட்டுக்குள் இன்னும் ஆழமாக இறங்குகிறார். கீழே ஒரு பனித்தளமும், அதிலிருந்து வெளிச்சத்தை நோக்கி ஏறும் ஒரு சரிவும் கிடைக்கிறது. அதன் வழியாக வெளியே வந்து, ஒற்றைக் காலோடு பனியாற்றையும் அதற்கப்பால் கிடந்த பாறைக் குவியல்களையும் தவழ்ந்தும் நொண்டியும் கடக்கிறார். கைக்கடிகாரத்தைப் பார்த்து, அதோ அந்தப் பாறையை இருபது நிமிடத்தில் அடைய வேண்டும் என்று தனக்குத்தானே தவணை போட்டுக்கொள்கிறார். அடைந்ததும் அடுத்த பாறை, அடுத்த இருபது நிமிடம். பிடிக்காத ஒரு பாப் பாட்டு மண்டைக்குள் ஓயாமல் சுற்றிக்கொண்டிருந்ததாம். கடைசியில் முகாம் பக்கத்தில் வந்துவிட்டோம் என்று இருட்டில் அவருக்குத் தெரிவித்தது கழிப்பிட வாடை! மற்ற இருவரும் மறுநாள் காலையில் மூட்டை கட்டிக் கிளம்புவதாக இருந்தார்கள்.

முடிவைச் சொல்லிவிட்டேனே என்று கவலைப்பட வேண்டாம். ஆசிரியர் பெயரைப் பார்த்தாலே அவர் பிழைத்தது தெரிந்துவிடும். இந்த நூலை நகர்த்துவது எப்படிப் பிழைத்தார் என்ற கேள்விதான். நாவலில் சலிக்கிற பிள்ளைகளுக்கு இது ஒரு நிம்மதியும்கூட, என்ன ஆகுமோ என்று கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டியதில்லை.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. சிம்ப்ஸன் தன் பார்வையில் மட்டும் எழுதவில்லை. தான் இல்லாத இடங்களில் நடந்ததை யேட்ஸிடம் கேட்டு, யேட்ஸே பேசுவதுபோல் சாய்வெழுத்தில் கொடுத்திருக்கிறார். கயிற்றை அறுத்த இரவை இரண்டு முனைகளிலிருந்தும் படிக்கலாம். கூட்டாளியின் கயிற்றை அறுத்தவன் என்று யேட்ஸை மலையேற்ற வட்டாரத்தில் சிலர் தூற்றினார்கள். அதற்குப் பதில் சொல்லவே சிம்ப்ஸன் இதை எழுதினார் என்பதை மனதில் வைத்துப் படித்தால் சில பத்திகள் வேறு மாதிரித் தெரியும்.

நூலை ஊன்றிப் படிக்கிறவர்கள் கண்டுபிடிக்க வேண்டிய உண்மையான தவறு கயிற்றில் இல்லை, அடுப்பில் இருக்கிறது. உயர மலையில் ஓடும் தண்ணீர் கிடையாது. குடிக்கும் ஒவ்வொரு மிடறையும் பனியை உருக்கித்தான் எடுக்க வேண்டும், அதற்கு கேஸ் வேண்டும். சுமையைக் குறைக்க இவர்கள் அளந்துதான் எடுத்துப் போனார்கள். தூள்பனி மூடிய உச்சிப் பகுதியும் முகடும் நினைத்ததைவிட அதிக நேரத்தைத் தின்றுவிட்டன, கேஸ் தீர்ந்தது. அதனால்தான் புயல் அடிக்கையில் பனிக்குகை தோண்டி இரவு தங்காமல், இருட்டிலும் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். தங்கியிருந்தால் வெளிச்சத்தில் அந்த விளிம்பு கண்ணில் பட்டிருக்கலாம். இரண்டு சிறு கேஸ் டப்பாக்களின் எடைதான் அந்தக் கத்தியை வெளியே எடுக்க வைத்தது என்பது என் வாசிப்பு. கூடாரம் போட்டுச் சமைத்த அனுபவமுள்ள பிள்ளை இதை உங்களைவிட வேகமாகப் பிடித்துக்கொள்வாள்.

எப்படிப் படிக்கலாம்? முதல் இரண்டு மூன்று அத்தியாயங்களில் ஏறும் நுட்பச் சொற்கள் அடர்த்தியாக வரும், பல பேர் அங்கேயே மூடி வைத்துவிடுகிறார்கள். கால் முறியும் இடத்திலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். பிடித்துவிட்டால் அவளே முன்னால் போய்ப் படிப்பாள். இரண்டு துண்டுக் கயிற்றை முடிச்சிட்டு, ஒரு வளையத்தின் வழியாக இழுத்துப் பார்த்தால் அந்த இறக்கும் ஏற்பாடு ஐந்து நிமிடத்தில் புரியும். சாப்பாட்டு மேசையில் செய்தால் போதும், மொட்டை மாடியிலிருந்து யாரும் தொங்க வேண்டாம். 2003-இல் கெவின் மெக்டொனால்டு இயக்கிய ஆவணப்படமும் இருக்கிறது. சிம்ப்ஸனும் யேட்ஸும் நேராகப் பேசுகிறார்கள், ஏறும் காட்சிகளை நடிகர்கள் நடித்திருக்கிறார்கள். பனிப்பிளவு அத்தியாயம் வரை படித்த பிறகு போட்டுக் காட்டுவது நல்லது. முன்பே காட்டினால் அந்தப் பிளவின் இருட்டு அவள் கற்பனைக்கு வராது, படத்தின் இருட்டுதான் வரும். ஆங்கிலத்தில் கெட்ட வார்த்தைகள் புத்தகத்திலும் உண்டு, படத்திலும் உண்டு. தெரிந்துகொண்டு கொடுங்கள். பிரிட்டிஷ் பாடத்திட்டத்தில் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கான ஆங்கிலத் தொகுப்பில் இதன் ஒரு பகுதி முன்பு இடம்பெற்றிருந்தது, வயதைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை.

ஆங்கிலம் இன்னும் எளிதாக வேண்டுமென்றால் மலையிலிருந்து கொஞ்சம் இறங்கி, கேரி பால்சன் எழுதிய வுட்ஸாங் கொடுங்கள். 1990-இல் இளம் வாசகர்களுக்காகவே எழுதப்பட்டது. நூற்றைம்பது பக்கம்கூட இராது, வாக்கியங்கள் குட்டை. பால்சன் அமெரிக்காவின் மினசோட்டா காடுகளில் நாய்கள் இழுக்கும் பனிச்சறுக்கு வண்டி ஓட்டியவர். நூலின் முதல் பாதி காட்டில் நடந்த தனித்தனிச் சம்பவங்கள், ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றைப் படித்தாலும் குறையில்லை. இரண்டாம் பாதி அலாஸ்காவின் இடிடரோட் நாய்வண்டிப் பந்தயம், நாள் ஒன்றுக்கு ஒரு சிறு பகுதியாக. நான் சொன்ன நாள் கணக்கை ஆசிரியரே தலைப்பாகப் போட்டுக் கொடுத்துவிட்டார்!

அதில் ஒரு கரடிக் கதை வருகிறது. குப்பை எரிக்கும் இடத்துக்கு வழக்கமாக வரும் கரடியின்மேல் கோபத்தில் பால்சன் ஒரு குச்சியை விட்டெறிகிறார். கரடி திரும்பி, எழுந்து, அவர் தலைக்குமேல் நின்று பார்க்கிறது. அடித்துப் போடலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல் நின்றுவிட்டு, விட்டுவிட்டுப் போய்விடுகிறது. வீட்டுக்குள் ஓடித் துப்பாக்கியை எடுத்து வந்து குறிபார்த்தவர், சுடாமல் இறக்குகிறார். காட்டில் தானும் இன்னொரு விலங்குதான் என்று அன்று உறைத்ததாக எழுதுகிறார். ஒரு எச்சரிக்கை: நூலின் தொடக்கத்திலேயே ஓநாய்கள் ஒரு மானைக் கொல்லும் காட்சி இருக்கிறது, எதையும் மறைக்காமல். இளகிய மனமுள்ள பிள்ளையானால் நீங்கள் ஒருமுறை பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

முற்றுகைப் பயண நூல்களைத் தவிர்க்கச் சொன்னேன் அல்லவா, அதற்கு ஒரு விலக்கு பச்சேந்திரி பால். எவரெஸ்ட் உச்சியை அடைந்த முதல் இந்தியப் பெண், 1984 மே 23, பிற்பகல் 1.07 மணி. மறுநாள் அவருக்கு முப்பதாவது பிறந்தநாள். கர்னல் குல்லர் தலைமையில் போன பெரிய குழுதான், ஆனால் அவர் எழுதிய எவரெஸ்ட்: மை ஜர்னி டு தி டாப் சிறிய, நேரடியான புத்தகம். நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடு. இந்தி படிக்கும் பிள்ளைகளுக்கு ஒன்பதாம் வகுப்பு என்சிஇஆர்டி பாடத்தில் இதன் ஒரு பகுதியே பழக்கமாக இருக்கலாம்.

இரண்டு இடங்களை மடித்து வைத்துக் கொடுங்கள். ஒன்று, எவரெஸ்டை ஒட்டிய லோட்சே சிகரத்தின் சரிவிலிருந்த மூன்றாவது முகாமில் மே மாதப் பௌர்ணமி இரவு. மேலிருந்து பெயர்ந்து வந்த பனிப்பாறை கூடாரத்தின்மேல் இறங்க, உள்ளே தூங்கிக்கொண்டிருந்த பச்சேந்திரி புதைந்துபோகிறார். கூடாரத்தில் இருந்த லோப்சாங் தன் சிறு கத்தியால் துணியைக் கிழித்து, அவரைச் சுற்றி இறுகிய பனியைத் தோண்டி இழுத்து வெளியே கொண்டுவருகிறார். சிம்ப்ஸன் நூலில் கயிற்றை அறுத்த கத்தி ஒருபுறம், இங்கே ஆளை வெளியே எடுத்த கத்தி மறுபுறம். இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கிற பிள்ளை தன் பையில் கத்தியை எந்தப் பகுதியில் வைக்க வேண்டும் என்று யோசிக்கத் தொடங்கிவிடுவாள்.

இன்னொன்று, உச்சிக்கு முந்தைய நாட்களில் ஒன்று. கடைசி முகாமுக்கு முதலில் வந்து சேர்ந்த பச்சேந்திரி, பின்னால் வரும் தோழர்களுக்காக ஒரு ஃபிளாஸ்கில் பழச்சாறும் இன்னொன்றில் தேநீரும் நிரப்பிக்கொண்டு பனிக்காற்றில் திரும்பக் கீழே இறங்குகிறார். எதற்காக இந்த ஆபத்து என்று ஒரு தோழர் கேட்க, நானும் உங்களைப் போல மலையேறிதான், உடல் நன்றாக இருக்கும்போது உதவாமல் எப்படி என்கிறார். வீர உரை எதுவும் இல்லை, அவ்வளவுதான். ஆனால் பெண் என்பதற்காகத் தனக்குச் சலுகை கொடுத்துவிடுவார்களோ என்ற கூச்சம் புத்தகம் நெடுக ஓடுவதைத் தெரிந்துகொண்டு படித்தால், அந்த ஃபிளாஸ்கின் எடை புரியும்.

சிரிக்க வைக்கும் மலை நூல் உண்டா என்றால், எரிக் நியூபி எழுதிய எ ஷார்ட் வாக் இன் தி இந்து குஷ். லண்டனில் பெண்கள் உடை வியாபாரத்தில் இருந்த மனிதர், மலையேறத் தெரியாது. 1956-இல் அரசுத் தூதரகப் பணியிலிருந்த தன் நண்பருடன் ஆப்கானிஸ்தானின் மிர் சமீர் என்ற கிட்டத்தட்ட ஆறாயிரம் மீட்டர் சிகரத்துக்குக் கிளம்புகிறார். பயிற்சி, வேல்ஸ் மலையில் சில நாள் மட்டும். அங்கே அவர்களுக்குப் பாறை ஏறச் சொல்லிக்கொடுத்தது விடுதியில் பரிமாறிய பெண்கள்! பனியில் படி வெட்டுவது எப்படி என்பதை மலையிலேயே கையேட்டைப் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொள்கிறார்கள். கூடவே அந்த மலையை ஒட்டிய நூரிஸ்தான் பகுதியின் மொழிக்கு ஒரு பழைய சொற்றொடர்ப் புத்தகம் எடுத்துப் போகிறார்கள். அதில் இருப்பதோ, இன்று காலை வயலில் ஒரு பிணத்தைப் பார்த்தேன் என்கிற மாதிரி வாக்கியங்கள். உச்சியை அவர்கள் தொடவில்லை. மிக அருகே போய்த் திரும்பினார்கள், திரும்பியது சரியான முடிவு. ஏறாமல் திரும்பிய கதையையும் ஒரு பிள்ளை படித்திருக்க வேண்டும் என்பதாலேயே இதைச் சொல்கிறேன். அந்த நாட்டு வரலாற்றை விளக்கும் பக்கங்கள் நடுவில் வரும், தாராளமாகத் தாண்டச் சொல்லுங்கள். நியூபியின் நகைச்சுவை ஆங்கிலேயர்களுக்கே உரிய, தன்னைத் தானே கிண்டலடிக்கும் வகை. பதினாலு வயதில் பிடிபடாவிட்டால் இரண்டு வருடம் கழித்துக் கொடுங்கள், ஒன்றும் கெட்டுப்போகாது.

பெரிய புத்தகத்தைத் தொடாமலே அதன் சிறந்த பகுதியைப் படிக்கும் வழியும் இருக்கிறது. ஆப்ஸ்லி செர்ரி-கரார்டு எழுதி 1922-இல் வந்த தி வொர்ஸ்ட் ஜர்னி இன் தி வேர்ல்டு, தென் துருவத்துக்குப் போன பிரிட்டிஷ் பயணி ராபர்ட் ஸ்காட்டின் கடைசி அண்டார்டிகா பயணத்தைப் பற்றிய தடித்த நூல். முழுவதும் கொடுத்தால் உங்கள் மகள் தலையணையாக வைத்துக்கொள்வாள். ஆனால் அதில் குளிர்காலப் பயணம் என்ற ஒரே ஒரு அத்தியாயம் தனி நூலாகவே நிற்கும். மூன்று பேர், ஐந்து வாரம், ஒரே நோக்கம்: எம்பரர் பென்குவின் முட்டை. அந்தப் பறவை முட்டையிடுவது அண்டார்டிகாவின் நடுக் குளிர்காலத்தில், சூரியனே எழாத மாதங்களில். முட்டைக்குள் வளரும் கருவில் ஊர்வனவற்றுக்கும் பறவைகளுக்கும் இடையிலான தொடர்பு தெரியும் என்று அன்றைய விஞ்ஞானிகள் நம்பினார்கள். அதற்காக 1911 ஜூன் 27 அன்று வில்சன், பௌவர்ஸ், செர்ரி-கரார்டு மூவரும் இருட்டில் சறுக்கு வண்டிகளை இழுத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

குளிர் மைனஸ் 60 டிகிரி செல்சியஸ் வரை போனது. இந்த எண் யாருக்கும் எதையும் சொல்லாது, ஆனால் இந்தக் காட்சி சொல்லும்: ஒரு காலை கூடாரத்தைவிட்டு வெளியே வந்த செர்ரி-கரார்டு சுற்றிப் பார்க்கத் தலையைத் தூக்குகிறார். வியர்வை ஊறிய அவர் உடை அதே நொடியில் விறைத்துப்போய், தலையைத் திரும்பக் குனிய முடியவில்லை. நான்கு மணி நேரம் வானத்தைப் பார்த்தபடியே வண்டி இழுத்தாராம். அன்றிலிருந்து மூவரும் வெளியே வந்ததும் முதலில் வண்டி இழுக்கிற மாதிரி குனிந்து நின்றுகொள்வார்கள், பிறகு உறைந்தால் பரவாயில்லை என்று. பின்னர் ஒரு புயல் அவர்கள் கூடாரத்தைப் பிய்த்துக்கொண்டு போகிறது. அது இல்லாமல் திரும்ப வழியே கிடையாது. புயல் ஓய்ந்ததும் தேடிப் போய், கொஞ்ச தூரத்திலேயே அதை முழுசாகக் கண்டெடுக்கிறார்கள். எடுத்த ஐந்து முட்டையில் மூன்று மிஞ்சியது. அந்த மூன்றையும் பின்னாளில் செர்ரி-கரார்டு லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனபோது, வாங்கிக்கொள்ளவே ஆர்வமில்லாமல் அலட்சியமாக நடத்தினார்கள் என்று கசப்போடு எழுதியிருக்கிறார். அந்தக் கருக்களிலிருந்து அவர்கள் எதிர்பார்த்த பெரிய விடை எதுவும் பிறகு வரவும் இல்லை. நூல் காப்புரிமை தீர்ந்தது, ப்ராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். அந்த அத்தியாயத்தை மட்டும் அச்செடுத்துக் கொடுத்தால் ஒரு குட்டிப் புத்தகம் அளவுக்கு வரும்.

இப்போதைக்கு ஒதுக்கி வைக்க வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இணையப் பட்டியல்கள் இவற்றைத்தான் முதலில் போடும். 1996 எவரெஸ்ட் விபத்தைப் பற்றி ஜான் கிராகவர் எழுதிய இன்டு தின் ஏர் அருமையான நூல். ஆனால் ஒரே மலையில் ஒரே நாளில் பல குழுக்கள், நூலின் முன்பக்கத்திலேயே பெயர்ப் பட்டியல் போட வேண்டிய அளவுக்கு ஆட்கள். பெயர்களில் தடுமாறினால் யார் எங்கே சிக்கினார்கள் என்பதே தெரியாது. நான் சொன்ன இரண்டு கணக்கில் நாள் கணக்கு தேறுகிறது, ஆள் கணக்கு தேறவில்லை.

மோரிஸ் எர்ஸோக் எழுதிய அன்னபூர்ணாவும் அப்படியே. எட்டாயிரம் மீட்டரைத் தாண்டிய சிகரம் ஒன்றை மனிதர் முதன்முதலில் ஏறிய கதை, 1950 ஜூன் 3. நூலின் பாதியை அந்த மலை எங்கே இருக்கிறது என்று தேடுவதிலேயே கழிக்கிறார்கள், வரைபடம் அவ்வளவு தப்பு. பின்பாதியில் உறைந்து அழுகிய விரல்களை மருத்துவர் வெட்டும் பக்கங்கள் பெரியவர்களுக்கே கடினம். ஆனால் மகள் நாலைந்து நூல்களை முடித்துப் பதினாறு, பதினேழு வயதாகும்போது அவசியம் கொடுங்கள், ஒரு தகவலையும் சேர்த்து. உச்சிக்கு எர்ஸோக்குடன் போனவர் லூயி லாஷனால். பயணத்துக்கு முன்பே, ஐந்து வருடம் யாரும் எதுவும் வெளியிடக் கூடாது என்று குழுவினர் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். எர்ஸோக்கின் நூல் மட்டும் வந்தது, அதில் உச்சி ஒரு பரவச நிலை. லாஷனால் 1955-இல் ஆல்ப்ஸில் பனிப்பிளவில் விழுந்து இறந்துபோனார். அவருடைய குறிப்புகள் வெட்டித் திருத்தித்தான் முதலில் அச்சாயின. 1996-இல் முழுமையாக வந்தபோது வேறொரு கதை தெரிந்தது. கால் உறையத் தொடங்கியதும் திரும்பிவிட நினைத்தவர், எர்ஸோக் தனியாகப் போனால் உயிரோடு வரமாட்டார் என்பதற்காகவே கூடப் போனதாகவும், தேசப் பெருமைக்காக அல்ல, ஒரே கயிற்றில் இணைந்தவர்களுக்கு இடையிலான விஷயம் அது என்றும் எழுதியிருக்கிறார்.

வாங்குவதானால் வுட்ஸாங்கையும் டச்சிங் தி வாய்டையும் சேர்த்தே வாங்கி, எதைச் சொல்லியும் கட்டாயப்படுத்தாமல் வீட்டில் போட்டு வையுங்கள். முதலாவதை ஒரு வாரத்தில் முடித்தால் இரண்டாவதுக்குத் தயார் என்று அர்த்தம். அதில் திணறினால் செர்ரி-கரார்டின் அந்த ஒற்றை அத்தியாயத்தை நீங்களே தமிழில் சொல்லிச் சொல்லிப் படித்துக் காட்டுங்கள். கூடாரத்தில் படுக்கும்போது சொல்வதற்கு ஏற்ற கதை, இரண்டு மூன்று இரவுக்கு வரும்.